நோட்டுப் புத்தகம் வேண்டாமாம்!

சென்ற மாதம் ஒரு கல்லூரி நாடக விழாவில் பரிசு வழங்கப் போயிருந்தேன். நாடகம் முடிந்து திரை விழுந்தது. அதை நடத்திய பேராசிரியர் மேடைக்கு வந்து மாணவர்களைப் பாராட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "இந்த நாடகத்துக்கு நாங்கள் நோட்டுப் புத்தகமே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஜ் மானேஜர் என்று ஒரு குமாஸ்தாவும் கிடையாது. எல்லாம் மாணவர்களின் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சில் இல்லாதது கைப்பேசியில் இருக்கிறது!"

சபையில் ஒரே கரகோஷம். நானும் கை தட்டினேன். பரிசு கொடுக்க வந்தவன் தட்டாமல் இருக்க முடியுமா?

தட்டினேனே தவிர, மனம் ஒப்பவில்லை. அந்த நாடகத்தில் இடி இடித்தது. ஆனால், "அதென்ன சத்தம்?" என்று கதாநாயகி கேட்டு நாலு விநாடி ஆனபிறகுதான் இடித்தது. கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் பக்கத்து மறைவை ஒரு முறை பார்த்தாள். கேட்ட பிறகு இன்னொரு முறை பார்த்தாள். பாவம், இடி வருமோ வராதோ என்று அவளுக்கே நிச்சயமில்லை. நோட்டுப் புத்தகம் இல்லாத நாடகத்தைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நடிப்பவர்களின் கண் எதிரே பேசுகிறவனிடம் இருக்காது. திரை மறைவில் இருக்கும். காட்டில் நடக்கிற அடுத்த காட்சியில் அரண்மனை நாற்காலி ஒன்று அநாதையாக நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தேன். அதைச் சொல்லிக் காட்டுவது நாகரிகமல்ல.

பேராசிரியர் என் பழைய தோழர். அவருக்கு நோட்டுப் புத்தகத்தின்மேல் உள்ள கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் எனக்கும் பங்குண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் இங்கே சொல்லிவிடுகிறேன்.

'பிராம்ப்ட் புக்' என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சித்திரம் தோன்றுகிறது. பக்கத்து மறைவில் ஒரு மனிதர் குந்திக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வசனம் மறந்தவனுக்கு முணுமுணுவென்று எடுத்துக் கொடுக்கிறார். முதல் மூன்று வரிசையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்கிறது. இந்த மனிதரை ஒழிக்கவேண்டும் என்று என் நண்பர் சொன்னால் நானும் கூட நின்று ஒழிப்பேன். ஆனால் வசனம் எடுத்துக் கொடுப்பது அந்தப் புத்தகத்தின் வேலைகளில் மிகச் சின்ன வேலை. பேர் அதனால் வந்துவிட்டது, அவ்வளவுதான். யார் எங்கே நிற்கிறான், எந்தச் சொல்லில் நகர்கிறான், எந்தச் சொல்லில் விளக்கு இறங்குகிறது, எந்தப் பொருள் எந்தக் கையில் உள்ளே வருகிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில், ஒரே கையால் எழுதப்பட்டிருக்கிற ஏடு அது. நாடகத்தைப் பற்றிய தீர்மானங்களின் பதிவு.

இது நேற்று முளைத்த வெள்ளைக்காரச் சம்பிரதாயமும் அல்ல. 1634-ஆம் வருஷம் லண்டனில் ஒரு நாடகம் அச்சாயிற்று. பிளெட்சரும் ஷேக்ஸ்பியரும் சேர்ந்து எழுதியது. 'இரண்டு உற்ற உறவினர்' என்று பெயரைத் தமிழாக்கலாம். அதில் ஒரு காட்சியின் ஓரத்தில், கதைக்குச் சம்பந்தமில்லாத குறிப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. இரண்டு பாடைகளும், மூன்று ராணிகளும், தீஸியஸும் அவன் பிரபுக்களும் தயாராக இருக்கவேண்டும் என்று அர்த்தம். ராணிகளும் பாடைகளும் வருவது அடுத்த காட்சியில். நாடகக் கொட்டகையில் புத்தகம் வைத்திருந்தவர் தமக்காக முன்கூட்டி எழுதி வைத்த எச்சரிக்கையை அச்சுக் கோத்தவர் வசனத்தோடு சேர்த்துக் கோத்துவிட்டார் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்த மனிதர் யாரோ தெரியாது. ஆனால் பாடை வேண்டிய நேரத்தில் பாடையைத் தேடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது 2001-ஆம் வருஷம், எங்கள் கல்லூரியில் 'மனோன்மணீயம்' போட்டபோது. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகம். அதன் பாயிரத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்தை நாம் விழாவுக்கு விழா எழுந்து நின்று பாடுகிறோம். அதற்குப் பின்னால் ஐந்து அங்கம் நாடகம் இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு. மேடையில் போடுவதற்கென்று எழுதியதல்ல, படிப்பதற்கென்று எழுதியது என்பார்கள். நாங்கள் அதை இரண்டே கால் மணி நேரத்துக்குச் சுருக்கிக்கொண்டோம்.

எனக்கு நடிக்க வராது. ஆகையால் என் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

எங்களை நடத்திய தமிழாசிரியர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஒட்டு வேலை. நாடகப் பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டச்சு செய்து, பெரிய கணக்குப் புத்தகத்தில் வலது பக்கந்தோறும் ஒட்டச் சொன்னார். இடது பக்கம் வெள்ளையாக இருக்கும். நாடகத்தை எழுதியவருக்கு வலது பக்கம். நாடகத்தை ஆடுகிறவர்களுக்கு இடது பக்கம். மனோன்மணி எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள் என்றால், எந்தச் சொல்லில் எழுகிறாளோ அந்தச் சொல்லின் தலைமேல் வட்டமிட்டு 3 என்று எழுத வேண்டும். இடது பக்கத்தில் 3 என்று போட்டு, "ம எழு, ஜன்னல், வாணிக்கு முதுகு" என்று எழுத வேண்டும். அதற்கு மேலே கட்டை விரல் அளவுக்கு மேடையின் படம். இடது வலது என்பது பார்க்கிறவர்களின் இடது வலது அல்ல. சபையைப் பார்த்து நிற்கிற நடிகனுடையது. இதில் ஒரு நாள் குழம்பினால் ஒரு வாரம் எல்லாரும் முட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது பாடம், பென்சிலால் எழுது என்பது. பேனாவால் எழுதுகிறவனுக்குத் தான் எழுதியதன்மேல் பாசம் வந்துவிடுகிறது. அழிக்க மனம் வராமல் ஓரத்தில் இன்னொன்று எழுதுகிறான். பிறகு அதற்கும் ஓரத்தில் ஒன்று. நாடக ராத்திரியில் அரையிருட்டில் எதைப் படிப்பது? அழித்துவிட்டு, புதியதை எழுதி, தேதி போட வேண்டும்.

மூன்றாவது பாடம் மிகவும் கஷ்டமானது. ஒத்திகையில் நடக்கிறதையெல்லாம் எழுதக் கூடாது. ஆசிரியர் ஒரே மாலையில் குடிலனை இடது பக்கமாக வரச் சொல்வார், வலது பக்கமாக வரச் சொல்வார், பிறகு வரவே வேண்டாம் என்பார். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசனையை எழுதினால் புத்தகம் நாசமாகிவிடும். அவர் முடிவுக்கு வந்ததும், நடிகன் அதை ஒரு முறை நடந்து காட்டியதும்தான் எழுத வேண்டும். அப்போதும், அவர் சொன்னதையா, அவன் நடந்ததையா என்று கேள்வி எழும். இரண்டும் வேறாக இருந்தால் அங்கேயே எழுந்து நின்று, "ஐயா, எது?" என்று கேட்க வேண்டும். கூச்சப்படுகிறவன் இந்த வேலைக்கு உதவமாட்டான்.

விளக்குக்கும் திரைக்கும் சத்தத்துக்கும் உரிய குறிப்புகள் கடைசி ஒரு வாரத்தில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாளம். அரைப் பக்கம் முன்னால் ஒன்று: தயார். பிறகு சரியான சொல்லின்மேல் ஒன்று: போ. சரியான சொல் என்பது அடியின் கடைசிச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசிக் காட்சியில் ஜீவகன் பேசி முடிக்கும்போது மண்டபம் இருளவேண்டும். எங்கள் விளக்கு இறங்க நாலு விநாடி பிடித்தது. அடி முடிந்த பிறகு சொன்னால், பேசி முடித்த ராஜா நாலு விநாடி முழித்துக்கொண்டு நிற்பான். ஆகவே முந்தின அடியில் இரண்டாம் சீரின்மேல் அடையாளம் வைத்தோம். சொல்லும் வெளிச்சமும் ஒன்றாக அடங்கின. ஒத்திகையில் ஐந்து தடவை சொல்லிப் பார்த்து, ஐந்து தடவை அழித்து எழுதின இடம் அது. எந்தக் கைப்பேசி இதைத் தீர்மானித்துக் கொடுக்கும்?

காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற கருவியெல்லாம் எங்களிடம் இல்லை. சிவப்பு, பச்சை என்று இரண்டு சின்ன பல்புகள். என் பக்கத்தில் சுவிட்சு. மண்டபத்தின் பின்னால் விளக்குப் பையனிடம் பல்பு. முதுகுத் தட்டிக்குப் பின்னால் திரைப் பையனிடம் இன்னொரு ஜோடி. சிவப்பு எரிந்தால் கையை வை, பச்சை எரிந்தால் இழு. வாயால் சொல்லிப் பார்த்தபோது 'போடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டோம். "விசிறியைப் போடு" என்று யாரோ சொல்லப்போக, ஒத்திகையில் நள்ளிரவுக் காட்சி பட்டப் பகலாகிவிட்டது. உத்தரவுச் சொல்லை வேறு எதற்கும் வாயில் எடுக்கக் கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

வசனம் எடுத்துக் கொடுக்கிற அந்தச் சின்ன வேலையிலும் ஒரு நுட்பம் உண்டு. வாணியாக நடித்த பெண் ஒரிடத்தில் பேச்சை நிறுத்தி மூன்று மூச்சு மௌனமாக இருப்பாள். அற்புதமான மௌனம். மறந்துவிட்டாளோ என்று பயந்து முதல் தடவை நான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. அன்று முதல் ஒவ்வொரு மௌனத்துக்கும் புத்தகத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. கோடு இல்லாத இடத்தில் மௌனம் வந்தால் திறக்கலாம்.

இனி, என் நண்பரின் கோபத்துக்கு வருகிறேன்.

கடைசிக் காட்சி நள்ளிரவுத் திருமண மண்டபம். மனோன்மணியை மந்திரியின் மகன் பலதேவனுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே சுரங்க வழியாகச் சேரன் புருடோத்தமன் வந்து நிற்கிறான். கனவில் கண்டவனை நேரில் கண்டு அவள் மாலையிடுகிறாள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் நாடகம் முழுவதும். புருடோத்தமனாக நடித்தவர்தான் இன்றைய பேராசிரியர்.

சுரங்க வாயிலுக்காக ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மரமேடை போட்டிருந்தோம். அதன் நடுவிலிருந்து இறங்க முக்கால் அடி உயரத்தில், இரண்டடி அகலத்தில் ஒரு படிப்பெட்டி. முந்தின காட்சியில் அந்த வழியாகப் படை வீரர்கள் ஓடுவதால் படியை முன்கூட்டி வைக்க முடியாது. காட்சி மாறுகிற இருட்டில், தரையில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவைப் பார்த்து இரண்டு பையன்கள் வைப்பார்கள். என் புத்தகத்திலிருந்து நான் எழுதிக்கொடுத்த சீட்டு அவர்கள் சட்டைப் பையில் இருந்தது.

நாடகத்துக்கு முந்தின இரவு கடைசி ஒத்திகை. இடப் பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்களுக்குச் சுரங்க வாய் தெரியவில்லை என்று ஆசிரியர் மரமேடையை ஒன்றரை அடி நகர்த்தச் சொன்னார். நகர்த்தினோம். மணி பதினொன்றே முக்கால். எல்லாருக்கும் பசி. நகர்த்தியதை நான் கண்ணால் பார்த்தேன். நானே ஒரு கை பிடித்தேன். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடினேன். காலையில் மாலைக்குப் பூ வரவில்லை, கிரீடத்துக்குப் பசை ஒட்டவில்லை. எழுதவில்லை. நாடாவும் பழைய இடத்திலேயே இருந்தது.

மறுநாள் இரவு பையன்கள் சீட்டில் உள்ளபடி, நாடாவில் உள்ளபடி, அப்பழுக்கில்லாமல் படியை வைத்தார்கள். பச்சை விளக்கைப் போட்டேன். திரை விலகியது. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் பாய, நிழலுருவமாகப் புருடோத்தமன் நின்றான். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பின் வெளிச்சத்தில் நிற்கிறவனுக்குத் தன் காலடி தெரியாது. பழகின இடத்தில் காலை வைத்தான். படி அங்கே இல்லை. அரை அடி தள்ளி இருந்தது.

விழுந்தவன் ஒரு முழங்காலில் ஊன்றி, இடது கையைத் தரையில் ஊன்றி, அப்படியே நிமிர்ந்து மனோன்மணியைப் பார்த்தான். அவள் மாலையைப் போட்டாள். மன்னன் மண்டியிட்டு மாலை ஏற்றதாக நினைத்துச் சபை ஆரவாரம் செய்தது. திரை விழுந்த பிறகுதான் மணிக்கட்டு முறிந்தது தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்முறைத் தேர்வு போய்விட்டது. அவர் அடுத்த வருஷம் எழுதினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இத்தனை வருஷமாகக் குத்துகிறது.

விழா முடிந்து காப்பி சாப்பிடும்போது அவர் சொன்னார்: "என் கையை ஒடித்தது உன் புத்தகம். அந்தப் பையன்கள் மேடையைப் பார்த்திருந்தால் படி கோணலாக இருப்பது தெரிந்திருக்கும். அவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். எழுத்து வந்தால் கண் போய்விடும். என் மாணவர்களுக்குக் கண் இருக்கட்டும் என்றுதான் எழுத்தை எடுத்துவிட்டேன்."

நல்ல வாதம். பதில் தெரியாமல் காப்பியைக் குடித்தேன். இப்போது தெரிகிறது.

பையன்கள் புத்தகத்தை நம்பினார்கள். நம்பலாம் என்று அதுவரை நாற்பது நாள் அது காட்டியிருந்தது. அப்படிப்பட்ட புத்தகத்தில் ஒரு வரி பொய்யானால், புத்தகமே இல்லாததைவிட ஆபத்து அதிகம், இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை ஒடிந்தது எழுதியதாலா, எழுதாததாலா? பதினொன்றே முக்கால் மணிக்கு ஒரு நிமிஷம் பென்சிலைப் பிடித்திருந்தால் சீட்டு மாறியிருக்கும், நாடா மாறியிருக்கும். கடிகாரம் நின்றுபோனதால் ரயிலைத் தவறவிட்டவன், இனிமேல் சூரியனைப் பார்த்தே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சபதம் செய்த மாதிரி இருக்கிறது நண்பரின் நியாயம்.

பிற்பாடு சில நாடகக் குழுக்களோடு பழகியபோது, விஷயம் தெரிந்தவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒத்திகை முடிந்ததும் யாரையும் கலைய விடுவதில்லை. புத்தகம் வைத்திருப்பவள் எழுந்து, அன்று மாறியவற்றை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறாள். ஐந்து நிமிஷம். படிக்காத மாற்றம் மாற்றமே அல்ல. நாளைக்குப் பழையபடிதான் நடக்கும். மாற்றியதை எழுதும் அதே நேரத்தில் பழைய நாடாவைக் கிழிக்கிறார்கள். நாடகத்தன்று கதவைத் திறப்பதற்கு முன்னால், இருட்டில் கால் வைக்கவேண்டிய ஒவ்வொரு நடிகனும் தன் படியில் ஒரு முறை தானே இறங்கிப் பார்க்கிறான். நண்பர் கேட்கிற கண்ணுக்கு இடம் இதுதான். எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்வதற்கு மட்டும் எழுத்து வேண்டியிருக்கிறது.

கைப்பேசிக்கு வருவோம். நான் அதற்கு விரோதியல்ல. நடனத்துக்கும் கத்திச் சண்டைக்கும் படம் பிடித்து வைப்பது நல்லது; கையும் காலும் போகிற போக்கைச் சொல்லால் எழுதி முடியாது. ஆனால் படம் என்ன சொல்கிறது? செவ்வாய்க்கிழமை இப்படி நடந்தது என்று சொல்கிறது. புதன்கிழமைப் படம் வேறு மாதிரி சொல்கிறது. இரண்டில் எது முடிவு என்று எந்தப் படமும் சொல்லாது. நடிகன் தப்பாக நடந்தால் தப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. மேடைக்கு வெளியே மறைவில் மாலையைத் தட்டில் ஏந்தி நிற்பவள் யார் என்று அதில் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடியில் விளக்கா சங்கா என்று தெரிய வேண்டுமானால், ஒரு மணி நேரப் படத்தில் எந்த இடத்தைத் தேடுவது? புத்தகத்தில் கண் ஏற்கெனவே அந்த அடியின்மேல் இருக்கிறது.

"சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர்கள் கணக்கு நோட்டா வைத்திருந்தார்கள்?" என்றும் நண்பர் கேட்டார். சுவாமிகள் 1922-இல் காலமானார். அந்தப் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அதே நாடகங்களை ஊர் ஊராக வருஷக்கணக்கில் ஆடினார்கள். அவர்களுக்கு உடம்பே புத்தகமாயிற்று. கல்லூரி நாடகம் ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு. நடுவில் பொங்கல் லீவுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது நெஞ்சில் இருப்பது அம்மா செய்த பலகாரந்தான். பாலர்களின் ஞாபகசக்தியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நம் பிள்ளைகளின் தலையில் வைப்பது அநியாயம்.

குமாஸ்தா என்று சொன்னாரே, அதற்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தைத் தவிர, ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் காட்சி எத்தனை நிமிஷம், உடைக்கு, விளக்குக்கு, சாமானுக்கு என்ன தேவை என்று. அன்றிரவே உரியவர்களுக்குப் போய்விட வேண்டும். இதில் யாரையும் குற்றஞ்சாட்டக் கூடாது. என் முதல் தாளில், "மாலையை ஒழுங்காகக் கட்டத் தெரியாததால் அறுந்தது" என்று எழுதினேன். கட்டிய பெண் மறுநாள் வரவில்லை. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மாலை இரண்டாவது முறை போடும்போது அறுந்தது, நார் போதாது, நூல் வேண்டும் என்று எழுதுடா" என்றார். அப்படி எழுதின பிறகு நூல் வந்தது, பெண்ணும் வந்தாள்.

வசனத் தப்புகளுக்குத் தனிச் சீட்டு. விட்டுப்போன சொல்லுக்கு அடிக்கோடு, மாற்றிச் சொன்னதற்கு நெளிகோடு. ஒத்திகை நடுவில் கத்தக் கூடாது. முடிந்த பிறகு அவரவர் கையில் கொடுக்க வேண்டும். 'மனோன்மணீயம்' செய்யுள் நாடகம். ஒரு சீர் விழுந்தால் அடி நொண்டுகிறது. அந்தச் சீரின்மேல்தான் விளக்குக்கு அடையாளம் என்றால் விளக்கும் நொண்டும். பலதேவனாக நடித்தவன் முதல் வாரம் என்னிடமிருந்து ஒரு நாளைக்கு முப்பது நெளிகோடு வாங்கிக்கொண்டிருந்தான். கடைசி வாரம் இரண்டு. அந்தச் சீட்டுகளை அவன் ஹாஸ்டல் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். நெஞ்சில் ஏறுவது இப்படித்தான் ஏறுகிறது.

அந்தக் கணக்குப் புத்தகம் என்னிடமே இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். கடைசிக் காட்சியின் இடது பக்கத்தில் மரமேடையும் படியும் பழைய இடத்தில் அழகாக வரைந்திருக்கின்றன. மற்ற எல்லாப் பக்கங்களிலும் அழித்து அழித்துத் தாள் தேய்ந்து அழுக்காயிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் நண்பர் ஒரு சரித்திர நாடகம் போடப் போகிறாராம். நாற்பது படை வீரர்கள், ஒரு கோட்டை மதில், மதிலின்மேலிருந்து ஒரு குதிப்பு. தலைமை தாங்க வரவேண்டுமென்று எழுதியிருந்தார். முதல் ஒத்திகையில் நடிக்காத பிள்ளை ஒருத்தி பென்சிலோடு உட்காருவதானால் வருகிறேன், கணக்குப் புத்தகமும் ஒரு டஜன் பென்சிலும் என் செலவு என்று பதில் போட்டேன். மூன்று வாரமாகிறது, இன்னும் பதிலில்லை.